முகாமா, வாரப் பாடமா, சிறு குழுவா? தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிக்கான உணர்வுசார் கற்றல் திட்டங்கள்: ஓர் ஒப்பீடு

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய தமிழ்ப்பள்ளிகளில், பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பில் இருப்பவர்கள் அண்மைக் காலமாக ஒரே கேள்வியை வெவ்வேறு வடிவில் கேட்கிறார்கள். பிள்ளைகள் இடைவேளையில் கைகலப்பில் இறங்குகிறார்கள், தோற்றால் அழுது ஆர்ப்பாட்டம் செய்கிறார்கள், ஒருவரை ஒதுக்கிவைத்துப் பேசாமல் இருக்கிறார்கள். சங்கத்திடம் கொஞ்சம் பணம் இருக்கிறது. அதை எதில் போடுவது? தன்முனைப்பு முகாம் நடத்துபவர் ஒருவர் வந்து பேசிவிட்டுப் போயிருப்பார். ஆசிரியர் ஒருவர் வாரந்தோறும் பாடமாகவே நடத்தலாம் என்று சொல்லியிருப்பார். கட்டொழுங்கு ஆசிரியரோ, பிரச்சினை நான்கைந்து பிள்ளைகளிடம்தான் இருக்கிறது, அவர்களை மட்டும் தனியே கவனித்தால் போதும் என்பார். மூவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதால்தான் கூட்டம் முடிவின்றிக் கலைகிறது.

கல்வி ஆய்வில் இவை அனைத்தும் சமூக, உணர்வுசார் கற்றல் என்ற ஒரே பெயரில் அடங்குகின்றன. தன் உணர்வை அறிதல், அதை அடக்கியாளுதல், பிறர் நிலையை உணர்தல், உறவைப் பேணுதல், பொறுப்போடு முடிவெடுத்தல் என்று ஐந்து திறன்களை, 1994-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட கேசல் அமைப்பு வகுத்தது. பெரும்பாலான திட்டங்கள் இந்த ஐந்தையே சொல்லுகின்றன. அவை வேறுபடுவது யார் நடத்துகிறார்கள், எவ்வளவு காலம், யாருக்கு என்பதில்தான்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

மூவர் சொன்னவற்றோடு, வகுப்பை ஒழுங்குபடுத்தும் நன்னடத்தை விளையாட்டையும் சேர்த்து ஒப்பிடுகிறேன். அதற்கு நான்கு அளவுகோல்கள் போதும் என்பது என் கருத்து. முதலாவது, கற்றது பாடவேளைக்கு வெளியே, சிற்றுண்டிச்சாலை வரிசையிலும் திடலிலும் எட்டுமா என்பது. இரண்டாவது, ரசீதில் வராத செலவு: ஆசிரியரின் நேரம், வேறு பாடத்திலிருந்து எடுக்கப்படும் வேளை, பொருள்களைத் தமிழுக்கு மாற்றும் உழைப்பு, பிள்ளைமேல் விழக்கூடிய பெயர். மூன்றாவது, நடத்துபவர் மாற்றலாகிப் போனாலும் அது பள்ளியில் நிற்குமா என்பது. நான்காவதைத்தான் யாரும் கேட்பதில்லை: பயன் விளைந்ததா என்று பின்னால் நேர்மையாகக் கண்டறிய வழி இருக்கிறதா?

| | தன்முனைப்பு முகாம் | வகுப்பாசிரியரின் வாரப் பாடம் | நன்னடத்தை விளையாட்டு | தேர்ந்த சிறு குழு |
|---|---|---|---|---|
| நடத்துபவர் | வெளியார் | வகுப்பாசிரியர் | வகுப்பாசிரியர் | ஆலோசக ஆசிரியர் |
| காலம் | ஓரிரு நாள் | ஆண்டு முழுதும், வாரம் ஒரு பாடவேளை | வழக்கமான பாடத்தினூடே, நாளுக்குச் சில நிமிடம் | சில வாரங்கள் |
| மறைந்த செலவு | அடுத்த ஆண்டும் அதே செலவு | சுமார் 15 மணி நேரம், தயாரிப்பு தனி | ஆசிரியரின் இடைவிடாத கவனம் | பிள்ளைக்கு ஒட்டும் பெயர் |
| திடலுக்கு எட்டுவது | அரிது | ஆசிரியர் நினைவூட்டினால் | தானாக எட்டாது | வகுப்பாசிரியர் சேர்ந்தால் |
| பயனைக் கண்டறிவது | மிகக் கடினம் | முடியும் | எளிது | தவறாக முடிவெடுக்க வாய்ப்பு அதிகம் |

## தன்முனைப்பு முகாம்

இதன் கவர்ச்சி வெளிப்படை. ஒரே ரசீது, ஒரே சனிக்கிழமை, பதாகையோடு ஒரு புகைப்படம். மாலையில் விளக்கைக் குறைத்து, மெல்லிய இசையோடு, பெற்றோரின் பாதம் கழுவும் அங்கம் வரும்போது பிள்ளைகள் விம்மி அழுவார்கள், தாய்மார்களும் அழுவார்கள், நடத்துபவர் அதையே பயனுக்குச் சான்றாகக் காட்டுவார். அந்தக் கண்ணீர் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அழுதவன் திங்கட்கிழமை வரிசையில் தள்ளாமல் நின்றானா என்பது வேறு கேள்வி. முகாம் முடிவில் நிரப்பப்படும் கருத்துப் படிவமும் அதைச் சொல்லாது. நிகழ்ச்சி பிடித்திருந்ததா என்பதை மட்டுமே சொல்லும்.

ஆய்வும் இந்த ஐயத்துக்கு இடம் தருகிறது. 2011-இல் அமெரிக்க ஆய்வாளர் டர்லாக்கும் அவருடைய குழுவினரும் 213 பள்ளித் திட்டங்களை, ஏறத்தாழ 2,70,000 மாணவர்களின் தரவுகளோடு தொகுத்து ஆராய்ந்தார்கள். பள்ளியின் சொந்த ஆசிரியர்கள் வகுப்பில் நடத்திய திட்டங்கள், ஆராயப்பட்ட ஆறு வகைப் பயன்களிலும் முன்னேற்றம் காட்டின. வெளியார் வந்து நடத்தியவை மூன்றில் மட்டுமே காட்டின; கல்வி அடைவில் முன்னேற்றம் தெரிந்தது பள்ளியின் சொந்த ஆட்கள் நடத்தியபோதுதான். அந்த வெளியார் திட்டங்களும் ஒருநாள் முகாம்கள் அல்ல, வகுப்பில் நடந்த பாடங்களே என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முகாம் பொருந்தும் இடம் ஒன்று உண்டு. ஆறாம் ஆண்டு முடித்துத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், பயிற்றுமொழி மாறி, பெரிய வகுப்பில் புதிய முகங்களுக்கு நடுவே முதல் முறையாக உட்காரப் போகிறார்கள். அவர்களுக்கும் பெற்றோருக்கும் அதைப் பற்றி ஒரு நாள் முழுதும் பேச வேண்டிய செய்தி இருக்கிறது. ஒரு நாளில் செய்தி சொல்லலாம். பழக்கத்தை உண்டாக்க முடியாது.

## வகுப்பாசிரியரின் வாரப் பாடம்

இது எப்படி நடக்கிறது என்பதை நெருங்கிப் பார்த்தால்தான் இதன் வலிமையும் பலவீனமும் புரியும். உலகில் அதிகம் ஆராயப்பட்ட தொடக்கப்பள்ளித் திட்டங்களில் ஒன்று, கிரீன்பெர்க், குஷே ஆகியோர் அமெரிக்காவில் உருவாக்கிய பாத்ஸ். அதில் போக்குவரத்து விளக்கு போன்ற ஒரு சுவரொட்டி வகுப்பில் மாட்டப்பட்டிருக்கும். சிவப்பு: நில், நீண்ட மூச்சை இழுத்துவிடு, உன் பிரச்சினையையும் அதனால் எழும் உணர்வையும் சொல். மஞ்சள்: என்னென்ன செய்யலாம் என்று யோசி. பச்சை: அதில் சிறந்ததைச் செய்து பார். ஆசிரியர் ஒரு சூழலைச் சொல்வார். பிள்ளைகள் நடித்துக் காட்டுவார்கள்.

பாடவேளையில் எல்லாப் பிள்ளைகளும் இதை ஒழுங்காகச் செய்துவிடுவார்கள். மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவனிடம் சிவப்பு வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டால், மூச்சை இழுத்துக் காட்டி, விடையையும் சரியாகச் சொல்லுவான். இடைவேளையில் சிற்றுண்டிச்சாலையில் கறிபாப் தீர்ந்துபோய், முன்னால் நின்றவன் கடைசி இரண்டையும் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, அதே பையனின் தோள் முன்னே போகும். அங்கே வகுப்பாசிரியர் நின்று, சுவரொட்டியைச் சுட்டுவதுபோல் விரலை உயர்த்தி, "முதல் என்ன?" என்று கேட்டால், பத்தில் சில முறையாவது தோள் நிற்கும். அந்தக் கேள்விதான் திட்டத்தின் உயிர். பாடம் ஒரு முறை கற்பிக்கிறது. வகுப்பாசிரியர் வாரம் முழுதும் அங்கேயே இருப்பதால் அதை நூறு முறை நினைவூட்ட முடிகிறது. வெளியாரால் முடியாதது இதுவே.

மறைந்த செலவு இங்கே கணிசமானது. 30 நிமிடப் பாடவேளை, ஆண்டுக்கு 30 வாரம் என்று கொண்டால் 15 மணி நேரம். தயாரிப்பு அதற்கு மேல். பெரும்பாலும் இது நன்னெறிக் கல்வி வேளையிலிருந்தே எடுக்கப்படுகிறது. நன்னெறிப் பாடத்தின் கற்றல் தரங்களோடு முன்கூட்டியே பொருத்திப் பார்க்காவிட்டால், ஆண்டு நடுவில் ஆசிரியர் இரு பக்கமும் இழுபடுவார். விலைக்கு வாங்கும் பாடப்பெட்டிகள் ஆங்கிலத்தில் உள்ளவை. அவற்றைத் தமிழாக்கிப் பயன்படுத்த உரிமையாளரின் அனுமதி வேண்டும், அவற்றில் வரும் சூழல்களையும் மாற்றியமைக்க வேண்டும். அப்பா இரவுக் காவல் முடிந்து பகலில் தூங்குவதால் வீட்டில் சத்தம் போடக்கூடாத பிள்ளை, அண்ணன் வேலைக்குச் சிங்கப்பூர் போனதால் தனிமைப்பட்ட பிள்ளை என்பன போன்ற நம் பிள்ளைகளின் சூழல்கள் அந்தப் பெட்டிகளில் இல்லை.

பயனைப் பற்றி விற்பவர்கள் சொல்வதைவிட அடக்கமாகப் பேசுவதே சரி. பிரிட்டனில் பர்மிங்காம் நகரில் 56 தொடக்கப்பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து பாத்ஸ் திட்டத்தைச் சோதித்தார்கள். முதலாண்டு முடிவில் ஆசிரியர்களின் மதிப்பீட்டில் சிறு முன்னேற்றம் தெரிந்தது. இரண்டாம் ஆண்டு முடிவில் அது காணப்படவில்லை. மான்செஸ்டர் வட்டாரத்தில் 45 பள்ளிகளில் நடந்த சோதனையில், அத்திட்டம் கல்வி அடைவை உயர்த்தியதற்குச் சான்று கிடைக்கவில்லை. டர்லாக்கின் தொகுப்பில் சராசரி மாணவர் கல்வி அடைவில் நூறு பேர் வரிசையில் 11 இடம் உயர்ந்ததாக வந்த புகழ்பெற்ற எண், 213 திட்டங்களில் அடைவை அளந்த சிறு பகுதியிலிருந்து கிடைத்தது என்பதையும், முடிந்து ஆறு மாதமாவது கழித்து மீண்டும் அளந்தவை 33 மட்டுமே என்பதையும் விளம்பரத் தாள்கள் சொல்வதில்லை.

ஆகவே, அடுத்த இரண்டு ஆண்டுகளாவது பள்ளியில் இருக்கப்போகும், இதை விரும்பி ஏற்கும் ஆசிரியர்கள் குறைந்தது இருவராவது இருந்தால் இந்தத் தேர்வு நல்லது. ஒருவர் மட்டும் இருந்து, அவரும் மாற்றல் கேட்டு விண்ணப்பித்திருந்தால், சுவரொட்டி மட்டுமே பள்ளியில் மிஞ்சும்.

## நன்னடத்தை விளையாட்டு

பிரச்சினை திடலில் இல்லாமல் வகுப்புக்குள் இருந்தால், அதாவது கூச்சல், இடம்விட்டு எழுதல், பாடத்தைத் தொடர முடியாமை என்று இருந்தால், இதைப் பரிசீலிக்கலாம். வகுப்பைக் கலப்புக் குழுக்களாகப் பிரித்து, சில விதிகளைச் சொல்லி, குறித்த நேரத்துக்குள் விதிமீறல் நான்கைத் தாண்டாத எல்லாக் குழுக்களும் வென்றதாக அறிவிப்பார்கள். பாடம் நடந்துகொண்டே இருக்கும். தனிப் பாடவேளை தேவையில்லை. 1980-களின் நடுவில் பால்டிமோர் நகர முதல் வகுப்புப் பிள்ளைகளிடம் சோதித்து, இளைஞர்களாகும்வரை தொடர்ந்தபோது, தொடக்கத்தில் முரட்டுத்தனம் மிகுந்திருந்த ஆண் பிள்ளைகளிடையே பிற்காலப் போதைப்பழக்கம் குறைந்திருந்தது. ஆனால் இங்கிலாந்தில் 77 பள்ளிகளில் ஈராண்டு நடந்த சோதனையில், வாசிப்பிலோ நடத்தையிலோ ஒட்டுமொத்தப் பயன் தெரியவில்லை. செலவு குறைவு, தொடங்குவது எளிது, எதிர்பார்ப்பையும் அந்த அளவிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். உணர்வைக் கற்பிப்பதாக இதை விற்பது மிகை. இது வகுப்பை ஒழுங்குபடுத்தும் உத்தி.

## தேர்ந்த சிறு குழு

நான்கைந்து பிள்ளைகளை மட்டும் வாரம் ஒரு முறை அழைத்துப் பேசுவது, உண்மையிலேயே பிரச்சினை அவர்களிடம்தான் என்றால், மற்ற எல்லாவற்றையும்விட நேரடியானது. பிள்ளைத்தொகை குறைந்த பள்ளியில் முழுநேர ஆலோசக ஆசிரியர் இருப்பதில்லை. அப்போது வேலை வேறு ஆசிரியர்மேல் விழும்.

இதில் இரண்டு அபாயங்கள். பதின்ம வயதினரிடையே டிஷியனும் உடன் ஆய்வாளர்களும் 1999-இல் காட்டியது என்னவென்றால், குறும்புமிக்கவர்களை மட்டும் ஒன்றாக உட்கார வைத்தால், ஒருவர் சேட்டைக்கு மற்றவர் சிரித்து ஊக்கமளிப்பதால் நிலைமை மோசமாகலாம். தொடக்கப்பள்ளியிலும் இதற்கு இடம் தராமல், நன்றாகப் பழகும் இரண்டு மூன்று பிள்ளைகளைக் கலந்து குழு அமைப்பது பாதுகாப்பு. மற்றது ஊர் சார்ந்தது. லயத்து வீடுகளும் மலிவு விலை வீடுகளும் அடுத்தடுத்து இருக்கும் ஊரில், புதன்கிழமை யார் யாரை அறைக்குக் கூப்பிட்டார்கள் என்பது அன்று மாலையே கோயில் வாசலில் பேசப்படும். கலப்புக் குழு இதையும் ஓரளவு தடுக்கும்.

## பயன் விளைந்ததா என்று எப்படி அறிவது

இந்தத் திட்டங்களை நடத்துவோர் பெரும்பாலும் முன்னும் பின்னும் ஒரு வினாநிரலைக் கொடுத்து, எண் குறைந்தது என்று காட்டுவார்கள். அதிகம் பயன்படுவது, பிள்ளைகளின் பலங்களையும் இடர்ப்பாடுகளையும் அளக்க குட்மன் 1997-இல் வெளியிட்ட எஸ்.டி.க்யூ. மொத்தம் 25 கூற்றுகள். அவற்றில் 20-ஐக் கூட்டினால் இடர்ப்பாட்டு மதிப்பெண் 0 முதல் 40 வரை வரும். ஆசிரியர் நிரப்பினால் 16-உம் அதற்கு மேலும் கவலைக்குரியது. பிள்ளையே நிரப்பும் வடிவம் 11 வயதிலிருந்துதான். ஆகவே மூன்றாம் ஆண்டுப் பிள்ளையிடம் கொடுத்து வாங்கிய எண்ணுக்கு மதிப்பில்லை.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மூன்றாம் ஆண்டில் 24 பிள்ளைகள். தொடக்கத்தில் ஆசிரியர் தந்த சராசரி 9.5, ஆறு மாதம் கழித்து 8.0. ஒன்றரைப் புள்ளி குறைந்திருக்கிறது. அறிக்கையில் எழுத நன்றாகவே இருக்கும். இப்போது, திட்டம் நடக்காத பக்கத்துப் பள்ளியின் மூன்றாம் ஆண்டு, அதுவும் 24 பிள்ளைகள், அதே மாதங்களில் 9.2-இலிருந்து 8.2-க்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதுவும் செய்யாமலேயே ஏன் ஒரு புள்ளி குறைந்தது? இந்த வினாநிரலை இரண்டாம் முறை நிரப்பும்போது எண் சற்றுக் குறைவது பலரும் அறிந்த இயல்பு. பிள்ளைகளுக்கு வயதும் ஆறு மாதம் கூடியிருக்கிறது. எஞ்சும் அரைப் புள்ளிதான் திட்டத்துக்கு உரியதாக இருக்கக்கூடியது. ஒவ்வொரு பிள்ளையின் எண்ணும் இரு அளவீடுகளுக்கிடையே மூன்று நான்கு புள்ளி ஏறி இறங்குவது சாதாரணம் என்று கொண்டால், 24 பேர் உள்ள இரு வகுப்புகளிடையே தற்செயலாகவே இரண்டு புள்ளிவரை வேறுபாடு வரலாம். அரைப் புள்ளியை வைத்து எதையும் சொல்ல முடியாது. திட்டம் பயனற்றது என்றும் சொல்ல முடியாது.

சிறு குழுவில் ஏமாற்றம் இன்னும் நுட்பமானது. மிக மோசமான எண் பெற்ற ஐவரைத் தேர்ந்தெடுத்தால், அவர்களில் சிலர் அந்த வாரம் மட்டும் மோசமாக இருந்தவர்கள். அவர்கள் அடுத்த முறை எப்படியும் சராசரியை நோக்கித் திரும்புவார்கள். ஐவரின் எண்ணும் குறைந்துவிட்டது என்று மகிழும் ஆலோசகர், யாரையும் சந்திக்காமலே இருந்திருந்தாலும் அந்தக் குறைவில் ஒரு பகுதியைப் பார்த்திருப்பார். இதற்கு மருந்து, தேர்வுக்கு முன் இரண்டு வாரம் இடைவெளி விட்டு இரண்டு முறை அளப்பது. இரண்டிலும் உயர்ந்திருப்பவர்களை மட்டும் சேர்ப்பது. இரண்டாம் எண்ணையே தொடக்கமாகக் கொள்வது.

இன்னொரு சிக்கல், மதிப்பிடும் ஆசிரியரே பாடம் நடத்தியவர் என்பது. பன்னிரண்டு மாதம் உழைத்தவர் பிள்ளைகள் மாறியதாகவே காண்பார். இதில் நேர்மையின்மை எதுவும் இல்லை. கட்டொழுங்குப் பதிவேடும் நம்பத்தக்கதன்று. திட்டம் தொடங்கியதும் ஆசிரியர்கள் கூர்ந்து கவனித்துப் பதிவது கூடலாம், அல்லது பள்ளியின் பெயரை எண்ணிப் பதியாமலும் விடலாம். இரண்டிலும் எண் நகர்வது பிள்ளைகளால் அல்ல.

சிறு பள்ளிக்கு நான் பரிந்துரைப்பது எண்ணிப் பார்ப்பதும், தொடக்கத்தைத் தள்ளிவைப்பதும். இடைவேளையில் சிற்றுண்டிச்சாலை வரிசையையும் திடலின் ஒரு மூலையையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எது கணக்கில் வரும் என்பதை முதலில் எழுதி வையுங்கள்: கையால் தள்ளுதல், அடித்தல், பொருளைப் பறித்தல். கேலி, முறைத்தல் போன்றவை வேண்டாம். பார்ப்பவருக்குப் பார்ப்பவர் மாறும். மூன்றாம், நான்காம் ஆண்டுப் பிள்ளைகளைத் தனித்தனியே, வாரம் மூன்று நாள், நாளுக்குப் பத்து நிமிடம் எண்ண வேண்டும். எண்ணுபவர் பாடம் நடத்தாதவராக இருக்க வேண்டும்; சங்கத்துத் தாய்மார் இருவர் போதும். முதல் வாரத்தில் இருவரும் ஒரே காட்சியைத் தனித்தனியே எண்ணி ஒப்பிட வேண்டும். ஒருவர் பத்து, மற்றவர் ஐந்து என்றால் வரையறை தெளிவாக இல்லை. அதைத் திருத்திய பிறகே கணக்கைத் தொடங்குங்கள்.

நான்கு வாரம் எதுவும் செய்யாமல் எண்ணியபின் மூன்றாம் ஆண்டில் மட்டும் பாடத்தைத் தொடங்குங்கள். நான்காம் ஆண்டில் இரண்டாம் பருவத்தில் தொடங்குங்கள். மூன்றாம் ஆண்டின் எண்ணிக்கை முதலில் இறங்கி, நான்காம் ஆண்டினுடையது அப்படியே இருந்து, அங்கே பாடம் தொடங்கியபின் அதுவும் இறங்கினால், காரணம் பாடமே என்று நம்ப நல்ல அடிப்படை இருக்கிறது. இரண்டும் ஒரே வாரத்தில் இறங்கினால் காரணம் வேறு: புதிய காவல் ஆசிரியர், மழைக்காலம், திடல் மூடல். தொலைவிலுள்ள பள்ளி எதையும் ஒப்பிடாமலே இதைச் செய்துவிடலாம் என்பது இம்முறையின் பெரிய வசதி.

ஒப்பிடும் வகுப்பு வெறுமனே இருப்பதில்லை என்பதையும் மறக்கலாகாது. அமெரிக்காவில் ஏழு திட்டங்களை 84 பள்ளிகளில் மூன்றாண்டு சோதித்து 2010-இல் வெளியான அறிக்கை, சராசரியில் பயன் எதையும் காணவில்லை. ஒப்பீட்டுப் பள்ளிகளும் ஏற்கெனவே இத்தகைய செயல்களைச் செய்துகொண்டிருந்தது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். நம் பள்ளிகளிலும் நன்னெறிப் பாடம் எல்லா வகுப்பிலும் நடக்கிறது. நாம் அளப்பது அதற்கு மேல் கூடுதலாக வருவதை மட்டுமே.

## எந்தப் பள்ளிக்கு எது

சண்டை பரவலாக, பல வகுப்புகளில் இருக்கிறது, நிலைத்திருக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்றால், வாரப் பாடத்துக்கே என் ஓட்டு. சங்கத்தின் பணத்தைப் பாடப்பெட்டி வாங்குவதில் போடாமல், ஆசிரியர் இருவரைப் பயிற்சிக்கு அனுப்பவும், சூழல் அட்டைகளை அச்சிடவும், எண்ணும் தாய்மாருக்குப் போக்குவரத்துக்கும் செலவிடலாம். இரண்டு வார எண்ணிக்கையில் பாதிக்கு மேல் அதே நான்கைந்து பிள்ளைகளே திரும்பத் திரும்ப வந்தால், கட்டொழுங்கு ஆசிரியர் சொன்னதே சரி. கலப்புச் சிறு குழுவைத் தொடங்குங்கள். வகுப்புக்குள் கூச்சல்தான் குறை என்றால் நன்னடத்தை விளையாட்டைப் பாருங்கள். முகாமை ஆறாம் ஆண்டுக்கு ஒதுக்குங்கள்.

எதைத் தேர்ந்தாலும், முதலிரண்டு வாரக் கணக்கு தேர்வுக்கு முன்பே நடக்க வேண்டியது. அதற்குச் செலவு ஒரு நோட்டுப் புத்தகமும் இருவரின் இடைவேளையும்தான். கூட்டத்துக்கு அந்த நோட்டோடு போனால், மூவர் சொல்லும் நியாயங்களில் எது இந்தப் பள்ளிக்கு உரியது என்று அங்கேயே பேசித் தீர்த்துவிடலாம்.